"எல்லாரும் வரல" என்றால் எத்தனை பேர் வந்தார்கள்? – எல்லாம், சில, எதுவுமில்லை எனும் கூற்றுகளுக்குச் சரியான மறுப்பு

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, முதலில் ஒரு சின்னக் கேள்வி. "எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெற்றனர்" என்ற கூற்றின் மறுப்பு என்ன? கீழே படிக்காமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

செலாயாங்கில் என் படிவம் நான்கு வகுப்பில் இதைக் கேட்கும்போது, "எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இன்னும் சிலர் "எந்த மாணவரும் தேர்ச்சி பெறவில்லை" என்கிறார்கள். இரண்டாவது பதில் தவறு. முதல் பதில் சரியா தவறா என்று கேட்டால், அது படிப்பவர் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது. தேர்வில் அப்படி ஒரு பதிலை எழுதி வைப்பது ஆபத்து.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். படிவம் 4 கணிதப் பாடநூலில் மூன்றாம் அத்தியாயம் 'பெனாகுலான் லோஜிக்', அதாவது தருக்கச் சிந்தனை. கூற்று, மறுப்பு, 'செமுவா', 'செபிலாங்கான்' எல்லாம் அதில்தான் வருகின்றன. கணக்கு ஆசிரியர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லிக்கொடுக்கிறார். நம் பிள்ளைகளில் பலர் அதை மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறார்கள். தவறு அந்த இடத்தில் நுழைகிறது. அது கணக்குத் தவறு இல்லை, வாக்கியத் தவறு. அதனால் நம் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

மறுப்பு என்றால் என்ன என்பதை முதலில் கறாராக வைத்துக்கொள்வோம். ஒரு கூற்று உண்மையாக இருக்கும்போதெல்லாம் அதன் மறுப்பு பொய்யாக இருக்க வேண்டும். கூற்று பொய்யாக இருக்கும்போதெல்லாம் மறுப்பு உண்மையாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உண்மையாகவும் கூடாது, சேர்ந்து பொய்யாகவும் கூடாது. நடுவில் ஆள் நிற்க இடமே இருக்கக்கூடாது.

இதை எண்ணிப் பார்த்தால் தெளிவாகும். நமக்குப் பக்கத்திலேயே பத்துமலை இருக்கிறது. மேலே ஏறும் படிகள் 272. தைப்பூசத்துக்கு முன்பு தொண்டூழியர்கள் படிகளைக் கழுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எத்தனை படிகள் கழுவி முடிந்திருக்கும்? ஒன்றுகூட இல்லாமல் 0 ஆக இருக்கலாம், 1 ஆக இருக்கலாம், 150 ஆக இருக்கலாம், முழுசாக 272 ஆகவும் இருக்கலாம். 0 முதல் 272 வரை மொத்தம் 273 நிலைமைகள். நாம் சொல்லும் எந்தக் கூற்றும் இந்த 273இல் சிலவற்றைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறது. மறுப்பு என்பது மிச்சம் இருக்கும் அத்தனையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைக்கூட விடக்கூடாது, அடுத்தவன் பங்கில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது.

"எல்லாப் படிகளும் கழுவப்பட்டன" என்ற கூற்று 272 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 0 முதல் 271 வரை. ஆகவே மறுப்பு அந்த 272 நிலைமைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். "எந்தப் படியும் கழுவப்படவில்லை" என்று எழுதினால் அது 0 என்ற ஒன்றை மட்டும்தான் பிடிக்கிறது. 1 முதல் 271 வரை உள்ள நிலைமைகள் அநாதையாக நிற்கின்றன. 150 படிகள் கழுவியிருந்தால் கூற்றும் பொய், இந்தப் 'பதிலும்' பொய். இரண்டும் பொய்யானால் ஒன்றுக்கு மற்றொன்று மறுப்பாகாது. சரியான மறுப்பு, "குறைந்தது ஒரு படியாவது கழுவப்படவில்லை". 271 கழுவியிருந்தாலும் இது உண்மை. ஒன்றுமே கழுவாவிட்டாலும் உண்மை. 272ஐயும் கழுவியிருந்தால் மட்டும் பொய். பங்கீடு சரியாக முடிந்தது.

"எந்தப் படியும் கழுவப்படவில்லை" என்பதையே கூற்றாகக் கொடுத்தால்? அதன் பங்கு 0. மறுப்பு 1 முதல் 272 வரை பிடிக்க வேண்டும்: "குறைந்தது ஒரு படி கழுவப்பட்டது." ஆனால் மாணவர்கள் 0இலிருந்து ஒரே தாவலாக 272க்குப் போய், "எல்லாப் படிகளும் கழுவப்பட்டன" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு முனையின் மறுப்பு மறுமுனை என்ற நினைப்பு. வெள்ளைக்கு எதிர் கறுப்பு என்று நாம் கீழ்வகுப்பிலிருந்து பழக்கிவைத்ததன் விளைவு இது. எதிர்ச்சொல் வேறு, மறுப்பு வேறு. வெள்ளையாக இல்லாதது நீலமாகவும் இருக்கலாமே.

'சில' கொஞ்சம் வம்பு பிடித்த சொல். பேச்சில் "சில படிகளைக் கழுவியாச்சு" என்றால் கேட்பவர் இரண்டு விஷயங்களைத் தானாகச் சேர்த்துக்கொள்வார்: ஒன்றுக்கு மேற்பட்ட படி, ஆனால் எல்லாம் இல்லை. தருக்கத்தில் 'சில' என்பதற்கு அந்த இரண்டு கூடுதல் பொருளும் கிடையாது. அங்கே 'சில' என்றால் 'குறைந்தது ஒன்று', அவ்வளவுதான். ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். எல்லாமே இருந்தாலும் 'சில' பொய்யாகாது. ஆகவே "சில படிகள் கழுவப்பட்டன" 1 முதல் 272 வரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு வெளியே நிற்பது 0 மட்டும். மறுப்பு, "எந்தப் படியும் கழுவப்படவில்லை".

இங்கே வரும் வழக்கமான தவறு "சில படிகள் கழுவப்படவில்லை" என்று எழுதுவது. வினைச்சொல்லில் 'இல்லை' ஒட்டினால் மறுப்பு வந்துவிடும் என்ற பழக்கம். 150 படிகள் கழுவியிருந்தால் சில கழுவப்பட்டன என்பதும் உண்மை, சில கழுவப்படவில்லை என்பதும் உண்மை. இரண்டும் சமாதானமாக ஒரே படிக்கட்டில் நிற்கின்றன. சண்டையே இல்லாத இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று மறுப்பதாகச் சொல்ல முடியாது.

இனி, ஆரம்பத்தில் விட்டுவைத்த பதிலுக்கு வருவோம்: "எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை." இதைத்தான் நான் விரிவாகப் பேச நினைத்தேன், ஏனென்றால் இது தமிழுக்கே உரிய சிக்கல்.

"எல்லாரும் வரல" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'எல்லாரும்' என்பதை அழுத்திச் சொன்னால், வந்தார்கள், ஆனால் எல்லாரும் இல்லை என்று பொருள். அழுத்தம் இல்லாமல் "எல்லாருமே வரலப்பா" என்றால் ஒருத்தரும் வரவில்லை என்றும் எடுக்கலாம். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்ற பழமொழியைக் கேட்டு, மின்னுகிற எதுவுமே பொன் இல்லை என்று யாரும் நகையைத் தூக்கி எறிவதில்லை. மின்னுவதில் பொன் அல்லாததும் உண்டு என்றுதான் புரிந்துகொள்கிறோம். ஆனால் "இந்த வகுப்பில் உள்ள எல்லாரும் புகைபிடிப்பதில்லை" என்றால்? ஒருவரும் பிடிப்பதில்லை என்றே பலரும் புரிந்துகொள்வார்கள். வாக்கியத்தின் அமைப்பு ஒன்றுதான். பொருள் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். 'உம்' எனும் இடைச்சொல்லின் பொருள்களில் முற்றும்மை ஒன்று என்று படித்திருப்போம். ஒரு தொகுதியை மிச்சமில்லாமல் முழுதாகச் சுட்டுவது முற்றும்மை. எல்லாரும், பத்தும், அனைத்தும் என்பவை அப்படிப்பட்டவை. இந்த முற்றும்மையே சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று தொல்காப்பியத்தின் இடையியலிலும் நன்னூலின் இடையியலிலும் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு எதிர்மறை வாக்கியங்களை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். தேர்வுக்கு மனனம் செய்துவிட்டு நாம் தாண்டிப் போகும் நூற்பா இது. ஆனால் தருக்க வினாவுக்கு இதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை.

தைப்பூசத்துத் தேங்காயை வைத்தே சொல்கிறேன். "பத்துத் தேங்காயையும் உடைக்காதே" என்று அம்மா சொன்னால் என்ன செய்வீர்கள்? சிலவற்றை உடைத்துவிட்டு, ஒன்றிரண்டை மிச்சம் வைப்பீர்கள். 'பத்தையும்' என்பது முற்றும்மைதான். எதிர்மறை வந்ததும் முற்று உடைந்து எச்சம் பிறந்துவிட்டது. அதே அம்மா "ஒரு தேங்காயையும் உடைக்காதே" என்றால் கையே வைக்கக்கூடாது. இரண்டிலும் 'உம்' இருக்கிறது, இரண்டிலும் எதிர்மறை இருக்கிறது. முழு எண்ணிக்கையோடு சேர்ந்த 'உம்' மறுக்கப்படும்போது 'முழுதும் இல்லை' என்ற பொருள் வருகிறது. மிகச் சிறிய அளவோடு, அல்லது 'எந்த', 'யார்', 'எது' போன்ற வினாச்சொல்லோடு சேர்ந்த 'உம்' மறுக்கப்படும்போது 'சுத்தமாக இல்லை' என்ற பொருள் வருகிறது. "யாரும் வரல" என்பதில் ஐயம் இல்லாததற்கும், "எல்லாரும் வரல" என்பதில் ஐயம் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

நன்னூல் 'சில இடங்களில்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டதைக் கவனியுங்கள். எப்போதும் எச்சம்தான் என்று விதிக்கவில்லை. ஆகவே தேர்வுத்தாளில் 'எல்லா... உம்... இல்லை' என்ற வாக்கியத்தை மறுப்பாக எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. திருத்துபவர் எந்தப் பொருளில் படிப்பார் என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பதில், 'இல்லை'யை 'எல்லா'வுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள்: "எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெற்றனர் என்பது உண்மையன்று." அல்லது நேராக, "குறைந்தது ஒரு மாணவர் தேர்ச்சி பெறவில்லை." ஆசிரியர்களும் வினா தயாரிக்கும்போது இரு பொருள் தரும் அந்த வாக்கியத்தைத் தெரிவுகளில் சேர்க்காமல் இருப்பது நல்லது. சேர்த்தால், சரியாகச் சிந்தித்த பிள்ளைக்கும் மதிப்பெண் போகும்.

மலாயில் இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. 'புக்கான் செமுவா' என்று மறுப்புச் சொல்லை முன்னால் போட்டால் சந்தேகமே இல்லை. 'செமுவா... புக்கான்...' என்று பின்னால் போட்டால் கதை மாறிவிடும். நம் பிள்ளைகள் தமிழ் வரிசையில் யோசித்து, வினை இருக்கும் இடத்திலேயே மறுப்பைப் போட்டுவிடுகிறார்கள். பாடநூல் பாணியில் ஒரு கூற்றை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்.

கூற்று: எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை எண்கள். உண்மையா பொய்யா? 2 பகா எண், ஆனால் இரட்டைப்படை. ஆகவே பொய். கூற்று பொய் என்றால் மறுப்பு உண்மையாக வர வேண்டும். மாணவர் எழுதியது: எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை எண்கள் அல்ல, 'ஒன்றுகூட ஒற்றைப்படை இல்லை' என்ற பொருளில். 3ஐப் பாருங்கள், பகா எண், ஒற்றைப்படைதான். ஆகவே இதுவும் பொய். இரண்டும் பொய்யாக வந்த உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். திருத்திய வடிவம்: குறைந்தது ஒரு பகா எண் ஒற்றைப்படை எண் அல்ல. 2 இருக்கிறது, ஆகவே உண்மை. மலாயில் எழுதும்போது 'புக்கான்' என்ற சொல் 'செமுவா'வுக்கு முன்னால் வரும். இந்த 2 என்ற எண்ணைத்தான் பாடத்தில் எதிர் எடுத்துக்காட்டு என்கிறோம். 'எல்லா' என்ற கூற்றைக் கவிழ்க்க ஒன்றே போதும் என்பதும், அதன் மறுப்பு 'குறைந்தது ஒன்று' என்று தொடங்குவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

ஒரு எச்சரிக்கை. உண்மை பொய் பார்க்கும் இந்தச் சோதனை தவறான மறுப்பைப் பிடிக்கும். ஆனால் சரியான மறுப்பு என்று சான்றிதழ் கொடுக்காது. "எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை" என்பதற்கு "4 ஓர் இரட்டைப்படை எண்" என்று எழுதினாலும் பொய்க்கு உண்மை வந்துவிடும். அதற்காக அது மறுப்பாகிவிடாது. அதனால்தான் படிக்கட்டு மாதிரி எல்லா நிலைமைகளையும் பங்கு போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

எண் எல்லை வரும் கூற்றுகளில் இன்னொரு சறுக்கல் உண்டு. "எல்லா மாணவர்களும் 40க்கு மேல் எடுத்தனர்" என்பதற்கு "குறைந்தது ஒருவர் 40க்குக் கீழ் எடுத்தார்" என்று எழுதுகிறார்கள். 'எல்லா'வைச் சரியாக மாற்றியாச்சு, ஆனால் சரியாக 40 எடுத்த பிள்ளை எங்கே போவான்? அவன் 40க்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. "குறைந்தது ஒருவர் 40 அல்லது அதற்குக் குறைவாக எடுத்தார்" என்பதே மறுப்பு. 'மேல்' என்பதன் எதிர்ச்சொல் 'கீழ்'; ஆனால் மறுப்பு 'மேல் அல்ல'. முன்பு சொன்ன வெள்ளை, கறுப்புக் கதைதான் வேறு வேடத்தில் வருகிறது.

தமிழ்நாட்டு வேலைத் தேர்வுகளுக்கும் இந்திய வங்கித் தேர்வுகளுக்கும் உள்ள பயிற்சி நூல்களைப் பார்த்துப் பழகும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. அவற்றில் இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, முடிவு 1 சரியா, முடிவு 2 சரியா, 'இரண்டில் ஏதோ ஒன்று' சரியா என்று கேட்பார்கள். அந்த மூன்றாவது தெரிவு முழுக்க முழுக்க மறுப்பைப் பற்றியது. எடுத்துக்காட்டு: எல்லா மினி பஸ்களும் வாகனங்கள். சில வாகனங்கள் மஞ்சள் நிறமானவை. முடிவு 1, சில மினி பஸ்கள் மஞ்சள் நிறமானவை. முடிவு 2, எந்த மினி பஸ்ஸும் மஞ்சள் நிறமன்று. மஞ்சள் வாகனங்களில் மினி பஸ் உண்டா இல்லையா என்று கூற்றுகள் சொல்லவில்லை, ஆகவே தனித்தனியாக எந்த முடிவும் நிற்காது. ஆனால் முடிவு 1 ஒன்று முதல் எல்லாம் வரை பிடிக்கிறது, முடிவு 2 பூஜ்ஜியத்தைப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான மறுப்பு. எனவே இரண்டில் ஒன்று கட்டாயம் உண்மை. 'ஏதோ ஒன்று' என்பதே விடை. முடிவு 1 "எல்லா மினி பஸ்களும் மஞ்சள்" என்று இருந்திருந்தால் இந்த விடை விழுந்துவிடும். பாதி மஞ்சளாக இருந்தால் இரண்டுமே பொய்யாகிவிடுமே. (கோலாலம்பூரில் அந்தக் காலத்து பஸ் மினி இளஞ்சிவப்புதானே சார் என்று கேட்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருப்பான். அறிவு நல்லதுதான், ஆனால் இந்த வினாவில் கொடுத்த கூற்றுக்கு வெளியே போகக்கூடாது.)

கடைசியாக, இரண்டு அளவுச்சொற்கள் ஒரே வாக்கியத்தில் வரும் வகை. "ஒவ்வொரு வகுப்பிலும் கண்ணாடி அணிந்த மாணவர் ஒருவராவது இருக்கிறார்." இதை ஒரே மூச்சில் மறுக்கப் பார்த்தால் "எந்த வகுப்பிலும் கண்ணாடி அணிந்த மாணவர் இல்லை" என்று போய் நிற்கும். இரு படியாகப் போங்கள். வெளியே இருப்பது 'ஒவ்வொரு வகுப்பிலும்'; அது 'குறைந்தது ஒரு வகுப்பில்' என்று மாறும். உள்ளே இருப்பது 'ஒருவராவது இருக்கிறார்'. அது 'ஒருவர்கூட இல்லை' என்று மாறும். சேர்த்தால், "குறைந்தது ஒரு வகுப்பில் கண்ணாடி அணிந்த மாணவர் ஒருவர்கூட இல்லை."

சரிபார்ப்போம். பள்ளியில் ஆறு வகுப்புகள். ஐந்தில் கண்ணாடிக்காரர்கள் இருக்கிறார்கள், ஆறாவதில் யாருமே இல்லை. மூலக் கூற்று பொய், நம் மறுப்பு உண்மை, "எந்த வகுப்பிலும் இல்லை" என்பது பொய். இப்போது ஆறாவது வகுப்புக்குக் கண்ணாடி போட்ட ஒரு புது மாணவி மாறி வருகிறாள். அந்த ஒருத்தி உள்ளே நுழைந்ததும் மூலக் கூற்று உண்மையாகிறது, மறுப்பு பொய்யாகிறது. "எந்த வகுப்பிலும் இல்லை" என்பது மட்டும், அவள் வருவதற்கு முன்பும் பொய், வந்த பின்பும் பொய். இந்தப் பயிற்சியைப் பலகையில் ஆறு கட்டம் போட்டு, புள்ளி வைத்து அழித்துச் செய்து காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.